கேடயத்தின் கைப்பிடி மாறினால் போர் அணியும் வாள்வீச்சும் மாறுமா?

கேள்வி: கிரேக்கர்களின் வட்டக் கேடயமும் ரோமர்களின் நீளக் கேடயமும் அளவில்தான் வேறா, இல்லை சண்டை போடும் முறையே வேறா?

முறையே வேறு. அதற்குக் காரணம் கைப்பிடி.

கிரேக்கக் கேடயம் சுமார் 90 செ.மீ. விட்டம். நடுவிலுள்ள பட்டைக்குள் முழங்கை வரை கையை நுழைத்து, விளிம்பருகே உள்ள கயிற்றைப் பிடிப்பார்கள். முழங்கை நடுவில் இருப்பதால் கேடயத்தில் பாதி உடம்பைத் தாண்டி இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அது இடப்பக்கத்து ஆளுக்குத்தான் பயன். அதனால் நெருங்கி நின்றே ஆகவேண்டும். ஒவ்வொருவரும் வலப்பக்கத்தானின் கேடயத்துக்குள் ஒதுங்கப் பார்க்க, படையே வலப்பக்கம் நகர்ந்துவிடும்.

கி.மு. 418, மாண்டினியா போரில் இதுதான் வினையானது. எதிரிப் படையும் இப்படியே வலப்பக்கம் நகர்ந்து தன் இடக்கோடியைச் சுற்றி வளைக்கும் என்று பயந்த, கிரேக்க நகர அரசான ஸ்பார்ட்டாவின் அரசன் ஏகிஸ், அங்கிருந்த படையை இன்னும் இடப்பக்கம் தள்ளினான். விழுந்த இடைவெளியை அடைக்க வேண்டிய இரண்டு பிரிவுகளின் தலைவர்கள் நகர மறுத்தார்கள். எதிரிகள் அந்த ஓட்டைக்குள் புகுந்தார்கள். மற்றப் பகுதிகள் வென்றதால்தான் ஸ்பார்ட்டா தப்பியது.

ரோமக் கேடயத்துக்கு நடுவில் குறுக்காக ஒரே பிடி, முன்கை கட்டப்படுவதில்லை. எனவே அதை முன்னால் தள்ளி, நடுக் குமிழால் எதிரியை இடிக்கலாம். அவன் தடுமாறும்போது வலது விளிம்பை ஒட்டிக் குட்டைவாளைக் குத்த வேண்டும். கேடயம் குறுக்கே வராமல் உருவத்தான் சாதாரண வீரன் வாளை வலது இடுப்பில் தொங்கவிட்டான். கேடயம் அவனையே மூடுவதால் பக்கத்தானோடு ஒட்டி நிற்கும் கட்டாயமும் இல்லை. ஆனால் வாளை ஓங்கி வெட்டினால் வலது அக்குள் திறந்துவிடும்.