மகளிர் குழுவில் கடன் கணக்கைப் பேசுவது எப்படி?

கேள்வி: கோபி பக்கம் எங்க ஊர் மகளிர் சுய உதவிக் குழுவுல சேமிப்பு, கடன் ஒழுங்கா கட்டறது பத்தி அரை மணி நேரம் பேசச் சொல்லியிருக்காங்க. பாதிப் பேருக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். சதவீதம்னு ஆரம்பிச்சா கொட்டாவி விடுவாங்க. எப்படிப் பேசறது?

பதில்:

அரை மணி நேரத்துக்கு ஒரே ஒரு கணக்கு போதும். சேமிப்பின் நன்மைகள் என்று ஆரம்பிக்காதீர்கள், அதை அவர்கள் நிறையக் கேட்டாயிற்று. நான் ஈரோடு, கோபி பக்கக் குழுக்களுக்குக் கணக்கு எழுதியும் பேசியும் பார்த்தவள். எனக்குப் பலித்தது பத்தாயிரம் ரூபாய்க் கடன் கணக்கு ஒன்றுதான்.

கையில் பத்துப் புளியங்கொட்டை எடுத்துக்கொண்டு போங்கள். பாயில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வரிசையாக வையுங்கள். ஒரு கொட்டை ஆயிரம் ரூபாய். "பத்தாயிரம் கடன் வாங்கியிருக்கறீங்க, மாசம் ஆயிரம் அசல் கட்டோணும், நூத்துக்கு ரெண்டு வட்டி. சரிங்களா?" என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள். நூற்றுக்கு ரெண்டு என்றால் ஆயிரத்துக்கு இருபது, இதை அவர்கள் வாயாலேயே வரவழையுங்கள். கணக்கு எழுதுகிற பெண் முன்னால் உட்கார்ந்து பட்டென்று பதில் சொல்லிவிடுவாள். "அம்மணி, நீ கொஞ்ச நேரம் சும்மா இரு" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பின் வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்திருக்கிற அக்கா வாயில் இருந்து "இருபது" வருகிற வரைக்கும் அடுத்த வரிக்குப் போகக் கூடாது. மெதுவாகப் பேசுவது என்றால் வார்த்தையை இழுத்துப் பேசுவது இல்லை, ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் காத்திருப்பது.

முதல் மாசம் பத்துக் கொட்டை, வட்டி 200. ஆயிரம் கட்டியாயிற்று, ஒரு கொட்டையை எடுத்துவிடுங்கள். இப்போது ஒன்பது கொட்டை, வட்டி 180. அடுத்தது 160. மூன்று மாசம் நீங்கள் எடுத்தால் போதும், நாலாவது மாசத்தில் இருந்து அவர்களே கொட்டையை எடுத்து வட்டியைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். கடைசிக் கொட்டைக்கு வட்டி 20. மொத்தம் எவ்வளவு என்று கூட்டச் சொன்னால் திணறுவார்கள், அதற்கு ஒரு சுருக்கு வழி இருக்கிறது: முதல் மாசத்தையும் கடைசி மாசத்தையும் சேர்த்தால் 220. ரெண்டாவதையும் கடைசிக்கு முந்தினதையும் சேர்த்தால், 180-ம் 40-ம், அதுவும் 220. இப்படி அஞ்சு ஜோடி. அஞ்சு 220 ஆயிரத்து நூறு. இடது கை விரலையும் வலது கை விரலையும் ஜோடி சேர்த்துக் காட்டினால் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் போட்டுவிடுகிறார்கள்.

இப்போது பத்துக் கொட்டையையும் திரும்ப வையுங்கள். "வீட்டு வாசல்ல வந்து கடன் குடுக்கறவங்க இருக்காங்கல்லங்க, அவரும் ரெண்டு வட்டிதான்னு சொல்றாரு. ஆனா கடைசி வரைக்கும் மாசம் 200. மொத்தம்?" 2,000. குழுவில் 1,100, அங்கே 2,000, ரெண்டும் பேருக்கு "ரெண்டு வட்டி". இங்கே ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு ஒரே ஒரு கொட்டையை மட்டும் பாயில் விட்டு, "கடைசி மாசம் உங்க கையில இருக்கற அவரு பணம் எவ்வளவு?" என்று கேளுங்கள். ஆயிரம். "அந்த ஆயிரத்துக்கு எவ்வளவு வட்டி கட்டறீங்க?" இருநூறு. அந்த மாசத்துக்கு நூற்றுக்கு இருபது! சதவீதம் என்று ஒரு வார்த்தை சொல்லாமலே சலசலப்பு கிளம்பும், அதைக் கொஞ்சம் ஓடவிடுங்கள், அவரவர் வாங்கின கதையெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். இனி யார் கடன் கொடுக்க வந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான் என்று சொல்லிவிடுங்கள்: "வட்டி நின்ன பாக்கிக்குங்களா, மொத்தத்துக்குங்களா?" இன்னொன்றும் மறக்காமல் சொல்லுங்கள், குழுவுக்குக் கட்டுகிற அந்த 1,100 குழுவின் நிதியிலேயே சேருகிறது, அதில் அவர்களுக்கும் பங்கு இருக்கிறது.

அப்புறம் தவணை. இங்கேதான் நிறையப் பேர் அறிவுரையில் இறங்கிவிடுவார்கள். வேண்டாம், கொட்டையையே திரும்ப எடுங்கள். மூன்று தவணை கட்டியாயிற்று, ஏழு கொட்டை பாக்கி. நாலாவது மாசம் மாரியம்மன் நோம்பி, ஒறம்பரை வந்தாயிற்று, அசல் கட்ட முடியவில்லை, வட்டி 140 மட்டும் கட்டுகிறாள். அடுத்த மாசமும் ஏழு கொட்டை அப்படியே கிடக்கிறது, திரும்ப 140. அவளுக்கு நட்டம் 140 ரூபாய், மொத்தம் 1,240 ஆயிற்று, கடன் முடிய ஒரு மாசம் தள்ளிப்போயிற்று. அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால் அவளுக்கு இது பெரிய நட்டம் இல்லை, பெரிதாகக் காட்டினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

நட்டம் வேறு ஒருத்திக்கு. பன்னிரண்டு பேர், மாசம் ஆளுக்கு 200 சேமிப்பு, ஆக 2,400. அதோடு வர வேண்டிய தவணைகளையும் சேர்த்துப் பார்த்துத்தான் அடுத்தவளுக்கு 5,000 தருவதாகத் தீர்மானப் புத்தகத்தில் எழுதியிருப்பார்கள். ரெண்டு பேர் தவணை நின்றால் 2,000 குறைகிறது. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்தில் கேட்டவள் அடுத்த மாசம் வரை காத்திருக்க மாட்டாள், தண்டலுக்குப் போவாள். அங்கே 5,000 என்று எழுதிக்கொண்டு 500 பிடித்து 4,500 கையில் கொடுத்து, வாரம் 500 வீதம் பத்து வாரம் வாங்கினால்? ரெண்டரை மாசத்துக்குள் 500 போயிற்று. அதே 5,000 குழுவில் வாங்கி மாசம் ஆயிரம் வீதம் அஞ்சு மாசம் கட்டினால் எவ்வளவு வட்டி என்று அவர்களையே போடச் சொல்லுங்கள். புரிந்ததா என்று பார்க்கிற சோதனையும் இதுதான்: 500 என்று சொல்கிறவருக்கு இன்னும் கொட்டைக் கணக்கு பிடிபடவில்லை, அவர் கையில் அஞ்சு கொட்டையைக் கொடுங்கள். 100, 80, 60, 40, 20 என்று எடுத்து வைத்து 300 என்று வந்துவிடும்.

வங்கிக் கடன் பற்றி யாராவது கேட்பார்கள், சுருக்கமாகச் சொல்லுங்கள். நபார்டு 1992-ல் ஆரம்பித்த வங்கி இணைப்புத் திட்டம் இது. கடன் குழுவின் பேரில் வருகிறது, ஆறு மாசமாவது குழு ஒழுங்காக நடந்திருக்க வேண்டும், உள்கடன் எப்படித் திரும்பி வந்திருக்கிறது என்று புத்தகத்தைப் பார்ப்பார்கள். ஒருத்தி நிறுத்தினாலும் பாக்கி நிற்பது குழுவின் கணக்கில்தான்.

தவணைத் தேதியையும் அன்றைக்கே பேசிவிடுங்கள். திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்களுக்குச் சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை கூட்டம் என்றால் காசு கையில் இருக்கும், புதன்கிழமை என்றால் இருக்காது. தறிக்குப் போகிறவர்களும் மாடு வைத்திருப்பவர்களும் கலந்த குழு என்றால் யாருக்கு எப்போது பணம் வருகிறது என்று கேட்டுவிட்டுத் தேதி வையுங்கள். முதல் மாசம் அசலும் வட்டியும் சேர்ந்து 1,200 வரும், பத்து மாசத்தில் அதுதான் கனமான தவணை. அது தாங்காது என்று சொல்கிறவருக்கு மாசம் 500 அசல் வீதம் இருபது மாசம் வைக்கலாம், ஆனால் வட்டி மொத்தம் 2,100 ஆகிவிடும் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக, காசு வாங்கினதும் அவரவர் பாஸ் புத்தகத்தில் அங்கேயே எழுதி, "அசல் ஆயிரம், வட்டி நூத்தி நாப்பது, பாக்கி ஆறாயிரம்" என்று சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள், படிக்கத் தெரியாதவருக்கு அதுதான் ரசீது. வசூலான பணம் ஊக்குநர் வீட்டு பீரோவில் தங்காமல் மறுநாளே வங்கியில் கட்டப்பட வேண்டும். இதைச் சொல்லும்போது ஊக்குநர் முகம் கொஞ்சம் மாறும், பரவாயில்லை, சொல்லுங்கள்.