கண்ணாடி உடைந்தால் போனஸ் போய்விடுமா?

கேள்வி: கடலூர்–புதுச்சேரி ரோட்டில் லாரி டயரிலிருந்து ஜல்லி தெறித்து முன் கண்ணாடி விரிந்துவிட்டது. கண்ணாடிக்கு மட்டும் வாங்கினாலும் க்ளெய்ம் கணக்கா? நோ க்ளெய்ம் போனஸ் போகுமா?

கணக்குதான். இதுவும் சொந்தச் சேத க்ளெய்ம். போனஸைக் காக்கும் ஆட்-ஆன் இல்லையென்றால், க்ளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்காகச் சொந்தச் சேத பிரீமியத்தில் தரும் அந்தத் தள்ளுபடி ரினியூவலில் பூஜ்ஜியம்.

கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்க மாட்டார்கள். 1500 சிசி வரையிலான காருக்குக் கட்டாயக் கழிவு 1000 ரூபாய். பில் 9000 என்றால் கைக்கு ஏறத்தாழ 8000 வரும்.

இழப்பைப் பாருங்கள். சொந்தச் சேத பிரீமியம் 8000, இப்போது போனஸ் 35% என்று வைப்போம். அடுத்த ஆண்டு 45% கிடைக்காது: 3600 போச்சு. அதற்கடுத்த ஆண்டு 50%க்குப் பதில் 20%தான்: இன்னும் 2400. பிறகும் மூன்று ஆண்டுகள் வித்தியாசம் தொடரும்; பிரீமியம் இதே அளவில் இருந்தால் மொத்த இழப்பு கைக்கு வரும் 8000ஐத் தாண்டிவிடும். இந்தக் கணக்குக்கு நான் கைக்காசில்தான் மாற்றுவேன்.