பீசா பட்டியலில் இடம் பார்ப்பதற்கு முன்

கேள்வி: "பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் பீசா தேர்வில் எங்கள் நாடு ஐந்து இடம் கீழே போய்விட்டது என்று செய்தி வந்தது. அப்படியானால் பள்ளிகள் மோசமாகிவிட்டன என்றுதானே அர்த்தம்? இந்தப் பட்டியலை எப்படிப் படிக்க வேண்டும்?" – ஓர் ஆசிரியை

இடத்தை விடுங்கள், முதலில் மதிப்பெண்ணைப் பாருங்கள். 2022 பீசா கணிதத்தில் பிரிட்டன், போலந்து, டென்மார்க் மூன்றும் 489. ஃபின்லாந்து 484. இந்த ஐந்து புள்ளிகளுக்கு நடுவே ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, ஸ்லோவேனியா எல்லாம் நெருக்கியடித்து நிற்கின்றன. பீசா எல்லா மாணவர்களையும் சோதிப்பதில்லை. மாதிரியாகச் சில ஆயிரம் பேரைத்தான் எடுக்கிறது. அதனால் ஒவ்வொரு சராசரியிலும் ஏறக்குறைய 2 புள்ளி அளவுக்குத் திட்டப்பிழை, அதாவது மாதிரி எடுப்பதால் வரும் ஏற்ற இறக்கம், இருக்கும். இரண்டு நாடுகளை ஒப்பிடும்போது, வித்தியாசம் ஆறு புள்ளியையாவது எட்டாவிட்டால் அது தற்செயலாகவும் இருக்கலாம். அறிக்கையே ஒவ்வொரு நாட்டுக்கும் "இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை" என்று ஒரு வீச்சைத் தருகிறது. செய்தித் தலைப்பில்தான் அது ஒற்றை எண்ணாகிவிடுகிறது.

அதைவிட முக்கியமாக நான் பார்ப்பது, தேர்வு எழுதியது யார் என்பதை. பீசா 15 வயதுப் பிள்ளைகளுக்கானது. ஆனால் பள்ளியில், ஏழாம் வகுப்பிலோ அதற்கு மேலோ படிப்பவர்கள் மட்டுமே அதில் வருவார்கள். இதேபோல நாடுகளை ஒப்பிடும் டிம்ஸ் என்ற இன்னொரு தேர்வோ வயதை விட்டுவிட்டு நான்காம், எட்டாம் வகுப்புகளை எடுத்துக்கொள்கிறது.

2012-இல் வியட்நாம் கணிதத்தில் 511 எடுத்து, பிரிட்டனையும் (494) அமெரிக்காவையும் (481) தாண்டியது. உலகமே வியந்தது. ஆனால் அந்த மாதிரி, அங்கிருந்த 15 வயதினரில் 56 சதவீதத்தினரை மட்டுமே பிரதிபலித்தது. மற்றவர்களில் பெரும்பாலோர் பள்ளியை விட்டே போயிருந்தார்கள். ஒரு பேச்சுக்கு, விடுபட்ட 44 சதவீதமும் தேர்வு எழுதி சராசரியாக 400 எடுத்திருப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் சராசரி 462-க்கு இறங்கிவிடும். 400 என்பது நான் போட்ட ஊகம்தான். உண்மை எண் யாருக்கும் தெரியாது. இதனால் வியட்நாமின் ஆசிரியர்கள் செய்தது பொய்யாகிவிடாது. பள்ளியில் இருந்த பிள்ளைகள் நன்றாகவே கற்றார்கள். "பள்ளியில் இருப்பவர்கள் என்ன கற்றார்கள்" என்பது வேறு, "நாட்டின் பிள்ளைகள் என்ன கற்றார்கள்" என்பது வேறு. 511 பதில் சொல்வது முதல் கேள்விக்கு மட்டும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு நாடு இடைநிற்றலைக் குறைத்து, பின்தங்கிய பிள்ளைகளையும் பள்ளிக்குள் கொண்டுவந்தால் சராசரி சரியக்கூடும். நல்லது நடந்திருக்கும், பட்டியலோ சரிவைக் காட்டும்.

ஆகவே உங்கள் நாட்டு அறிக்கையில் இரண்டு சுற்றுகளின் மதிப்பெண்ணையும் திட்டப்பிழையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு பின்னிணைப்பில் "உள்ளடக்க விகிதம்", அதாவது 15 வயதினரில் எத்தனை சதவீதத்தினரை மாதிரி பிரதிபலிக்கிறது என்பது, எவ்வளவு மாறியிருக்கிறது என்று தேடுங்கள். பங்கேற்ற நாடுகளின் எண்ணிக்கையையும் கவனியுங்கள். 2012-இல் 65 இருந்தது, 2022-இல் 81 ஆயிற்று. புதிதாக வந்த நான்கைந்து நாடுகள் முன்னால் நின்றாலே, உங்கள் மதிப்பெண் அசையாமல் இடம் மட்டும் இறங்கிவிடும்.