கூறியது கூறல்

ஐயா, வணக்கம். ஆங்கிலம் வழியாக ‘அன்னா கரீனினா’வை மொழிபெயர்க்கிறேன். ஏழாம் பாகம் முடியப்போகிறது. வாசித்த நண்பர், ‘ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறது’ என்றார். அதனால் குடியானவன் ஓரிடத்தில் முணுமுணுக்கிறான், ஓரிடத்தில் பிதற்றுகிறான், கடைசியில் உளறுகிறான். சரிதானா? ரஷ்யப் பெயர்களுக்கு அடிக்குறிப்பு வேண்டுமா?
ச., தேவகோட்டை

அன்புள்ள ச.,

அடிக்குறிப்பு வேண்டாம். முன்பக்கத்தில் பெயர்ப் பட்டியல் போதும்.

நண்பர் நன்னூலில் பத்துக் குற்றம் படித்தவர் போலிருக்கிறது. ‘கூறியது கூறல்’ நம் எல்லோருக்கும் மனப்பாடம். வந்த சொல்லே அதே பொருளில் மறுபடி வருவதைத் தண்டியலங்காரம் அணி என்கிறதே, அது மட்டும் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

என் அப்பத்தா வளவில் உட்கார்ந்து கொட்டான் முடைந்தபடியே கதை சொல்வார். பேய் வரும்போதெல்லாம் “ஈரச் சேலையும் விரிச்ச தலையுமா” என்பார். கடைசியில் கல்யாண வீட்டு வாசலில் ஒருத்தி தண்ணீர் கேட்டு நிற்பாள். “ஈரச் சேலையும்” என்று அப்பத்தா வாயெடுத்ததுமே நாங்கள் அலறிவிடுவோம். பேய் என்ற பேச்சே வந்திருக்காது. அந்த இடத்தில் ‘நனைந்த புடவை’ என்றிருந்தால் எவன் பயந்திருப்பான்?

உங்கள் குடியானவனும் அப்படித்தான் வருகிறான். நான்காம் பாகத்தில் விரான்ஸ்கியின் கனவில் குனிந்து ஏதோ செய்கிறான், பிரெஞ்சு பேசுகிறான். அடுத்த அத்தியாயத்திலேயே அன்னாவின் கனவிலும் குனிகிறான்; இரும்பை அடிக்க வேண்டும் என்று பிரெஞ்சில் சொல்லிக்கொண்டே எதையோ துழாவுகிறான். ஏழாம் பாகத்தில் இரும்பின் மேல் குனிந்தபடி மறுபடி அவள் கனவில். பிறகு ரயில் நிலையத்தில், விழித்திருக்கும்போதே, ஒரு அழுக்கு மனிதன் சக்கரத்தை நோக்கிக் குனிந்தபடி ஜன்னலைக் கடந்து போகிறான். எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று நினைக்கிறாள்; உடனே தன் கனவு ஞாபகம் வந்து நடுங்குகிறாள். அந்த நடுக்கம் வாசகனுக்கும் வர வேண்டாமா? அதற்கு அந்தக் ‘குனிந்து’ அப்படியே திரும்பி வர வேண்டும். அவள் சாகும்போது குடியானவன் ஏதோ சொல்லிக்கொண்டே இரும்பில் வேலை செய்கிறான். அங்கே போய் அவனை உளற விட்டிருக்கிறீர்கள்! வயிறு எரிகிறது.

குனிதல், சொல்லிக்கொண்டே, இரும்பு. இந்த மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி, வரும் அத்தியாயங்களைப் பக்கத்தில் குறியுங்கள். வினைமுற்றாகவோ எச்சமாகவோ மாறலாம்; வேர் மாறக்கூடாது. அதற்காக எல்லாவற்றையும் பூட்டிவைக்காதீர்கள். கலைந்த தாடிக்கு டால்ஸ்டாயே நான்காம் பாகத்தில் ஒரு சொல்லும் ஏழாம் பாகத்தில் வேறொன்றும் போடுகிறார். அங்கே நீங்களும் மாற்றலாம்.

இதை ஆங்கிலத்தை மட்டும் நம்பி முடிவுசெய்ய முடியாது, அவர்களும் உங்கள் நண்பர் மாதிரி திருத்தியிருப்பார்கள். ரஷ்ய மூலம் இணையத்தில் இருக்கிறது. எழுத்து தெரியாவிட்டாலும் приговарив என்று தேடல் பெட்டியில் ஒட்டுங்கள்; ‘சொல்லிக்கொண்டே’ வரும் இடங்கள் தெரிந்துவிடும்.

பொறுமையாக உழைக்கிறீர்கள், மகிழ்ச்சி. நான்காம் பாகத்திலிருந்து மறுபடி பாருங்கள். திருத்திய பிறகு அந்த நண்பரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.