வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ், சாப்பிட்டபின் ஒரு கிளாஸ்: கேள்வி பதில்

மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தத்தில் ஆல்கஹால் அளவு பார்க்கும் வேலையில் பல வருடம் இருந்தேன். குடிப்பது நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்கு இன்று போகவில்லை. வயிற்றுக்குள் போன பிறகு என்ன நடக்கிறது என்பது பற்றி மட்டும் கேளுங்கள்.

கதிர்: டாக்டரம்மா, அதே 90 மில்லிதான். போன மாதம் ஒன்றுமே ஆகவில்லை. இந்த வாரம் எழுந்து நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அன்று மதியம் சாப்பிடவில்லை. அதுதான் காரணமா?

பெரும்பாலும் அதுதான் தம்பி. ஆல்கஹால் இரைப்பையிலிருந்தும் ரத்தத்தில் சேரும், ஆனால் மெதுவாகத்தான். வேகமாகச் சேர்வது சிறுகுடலில். அங்கே உட்பரப்பு மடிப்பு மடிப்பாக, மிகப் பெரியது; உள்ளே வந்ததைச் சில நிமிடங்களில் உறிஞ்சிவிடும். இரண்டுக்கும் நடுவில் தசையாலான ஒரு வாசல் இருக்கிறது, பைலோரஸ் என்பார்கள். வயிறு காலியாக இருந்தால் திரவம் அதைத் தாண்டிச் சட்டென்று போய்விடும். சாப்பாடு இருந்தால் அந்த வாசல் இறுகிக்கொண்டு, அரைத்த கூழைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். ஆல்கஹாலும் அந்தக் கூழோடு கலந்து வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

உங்கள் 90 மில்லியையே போட்டுப் பார்ப்போம். 40 சதவீதச் சரக்கு என்றால் அதில் ஏறத்தாழ 28 கிராம் ஆல்கஹால். 70 கிலோ எடையுள்ள ஆணின் உடலில் அது முழுவதும் ஒரே நேரத்தில் பரவினால் 100 மில்லி ரத்தத்தில் சுமார் 60 மில்லிகிராம் வரும். வெறும் வயிற்றில் மளமளவென்று குடித்தால், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அந்த 60-க்கு அருகே, 50-ஐ ஒட்டிப் போய்விடலாம். முழுச் சாப்பாட்டுக்குப் பிறகு குடித்தால் உச்சம் வர ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகலாம். அந்த உச்சமும் 30, 35-லேயே நின்றுவிடலாம். ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும், ஆனால் வித்தியாசம் இந்த மாதிரிதான்.

நீங்கள் அன்று சுவரைப் பிடித்ததற்கு அளவு மட்டும் காரணமில்லை, ஏறிய வேகமும்தான். அளவு மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது மூளைக்குத் தெரிகிற போதை, அதே அளவு இறங்கும்போது தெரிவதைவிட அதிகம்.

மணிவண்ணன்: இதற்கு எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன வழி இருக்கிறது. முதலில் ஒரு ஸ்பூன் எண்ணெய் அல்லது ஒரு டம்ளர் பால். வயிற்றுச் சுவரில் படலமாக ஒட்டிக்கொள்ளும், சரக்கு உள்ளே இறங்காது.

பாதி சரி. கொழுப்பு வாசலை இறுக்கும் என்பது உண்மை, ஆனால் படலம் ஒட்டுவதால் இல்லை. ஆல்கஹால் மிகச் சிறிய மூலக்கூறு, எண்ணெய்ப் படலமெல்லாம் அதற்குத் தடையே அல்ல. கொழுப்பு சிறுகுடலின் ஆரம்பத்தைத் தொட்டதும் அங்கிருந்து இரைப்பைக்குத் தகவல் போகும்: கொஞ்சம் நிறுத்து, இங்கே வேலை இருக்கிறது என்று. இரைப்பை வேகத்தைக் குறைத்துவிடும்.

சிக்கல் எங்கே என்றால், ஒரு ஸ்பூன் எண்ணெயால் எவ்வளவு நேரம் நிறுத்திவைக்க முடியும்? இரைப்பை பெரும்பாலும் நிமிடத்துக்கு 2, 3 கலோரி என்ற கணக்கில்தான் காலியாகும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் இருப்பது 120 கலோரி போல. ஒரு மணி நேரத்துக்குள் அது தீர்ந்துபோகும். 600, 700 கலோரி உள்ள முழுச் சாப்பாடு 3, 4 மணி நேரம் வாசலில் கூட்டத்தைத் தாக்குப்பிடிக்கும். கொழுப்பா, மாவுச்சத்தா, புரதமா என்று பிரித்துச் சோதித்தபோதுகூட உச்சத்தில் பெரிய வேறுபாடு வரவில்லை. எது சாப்பிட்டோம் என்பதைவிட எவ்வளவு சாப்பிட்டோம் என்பதே முக்கியம்.

சாந்தி: எனக்கு ஒரு மாத்திரையை வெறும் வயிற்றில் போடச் சொல்லியிருக்கிறார்கள். சாப்பிட்டபின் போட்டால் கெடுதலா மேடம்?

அது வேறு விஷயம் சாந்தி. ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு கணக்கு உண்டு, எழுதிக்கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள். இன்றைய பேச்சோடு சேர்கிற ஒன்றை மட்டும் சொல்கிறேன். வாந்திக்குத் தருகிற மெட்டோக்ளோபிரமைடு போன்ற மாத்திரைகள் இரைப்பையைச் சீக்கிரம் காலியாக்கும். அதைப் போட்டுக்கொண்டு குடிப்பவருக்கு ஆல்கஹாலும் சீக்கிரம் ஏறும்.

வேதவல்லி: நான் மருந்தியல் படித்தவள். வெறும் வயிற்றில் கலக்காமல் அடிப்பதுதான் மிக வேகம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். 20 முதல் 30 சதவீதம் வரை உள்ள பானம்தானே வேகமாக உறிஞ்சப்படும்? 40 சதவீதம் வாசலையே இறுக்கிவிடுமே?

சரியாகச் சொன்னீர்கள். மிகக் கடுமையான சரக்கு இரைப்பையின் உட்சவ்வை எரிச்சல்படுத்தும், வாசல் இறுகும், சிலருக்கு வாந்தியே வரும். பீரில் அடர்த்தி குறைவு, கூடவே மாவுச்சத்தும் இருப்பதால் அது மெதுவாகப் போகும். நடுவில் இருக்கிறதுதான் வேகம்; தண்ணீரோ சோடாவோ ஊற்றிக் கலக்கும்போது பெரும்பாலும் அந்த நடுவுக்கோ அதற்குச் சற்றுக் கீழேயோ வந்து நிற்கிறோம். சோடாவின் வாயு இன்னும் வேகப்படுத்துமா? சோதித்தவர்களில் சிலருக்கு அப்படி ஆனது, எல்லாருக்கும் இல்லை.

வேதவல்லி: அப்படியே இன்னொன்று. சாப்பிட்டபின் மொத்த அளவே குறைகிறதே, அந்த மீதி எங்கே போகிறது? இரைப்பைச் சவ்வில் இருக்கும் நொதி எரிக்கிறதா, கல்லீரலா?

இதில் எங்கள் துறையிலேயே ஒத்த கருத்து கிடையாது. சாப்பாட்டோடு குடித்தால் கணக்குப்படி வரவேண்டிய ஆல்கஹாலில் ஒரு பங்கு ரத்தத்தில் காணவில்லை என்பதை ரத்த ஆல்கஹாலை ஆராய்ந்த ஸ்வீடன் விஞ்ஞானி விட்மார்க் 1930-களிலேயே எழுதிவிட்டார். இரைப்பையில் தங்குகிற நேரம் கூடுவதால் அங்குள்ள நொதி எரிக்கிறது என்பது ஒரு கட்சி. என் மனம் கல்லீரல் பக்கம்தான் சாய்கிறது. குடலிலிருந்து வரும் ரத்தம் எல்லாம் முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. சொட்டுச் சொட்டாக வந்தால் அது பெரும்பங்கைப் பிடித்து எரித்துவிடும். வெள்ளமாக வந்தால் நொதி திணறி, மீதி உடம்பு முழுக்கப் பரவிவிடும். ஆனாலும் இரைப்பைக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

ராஜன்: எடைக்காக இரைப்பை பைபாஸ் செய்து ஒன்றரை வருடம் ஆகிறது. நன்றாகச் சாப்பிட்ட பிறகும் ஒரே கிளாஸ் ஒயினில் தள்ளாடுகிறேன். முன்பு மூன்று கிளாஸ் தாங்கும்.

உங்கள் உடம்பில் இப்போது அந்த வாசல் வழியாகப் போகும் பாதையே இல்லை. சின்னப் பையாகத் தைத்த இரைப்பையை நேராகச் சிறுகுடலோடு இணைத்திருக்கிறார்கள். குடித்தது அப்படியே குடலில் இறங்கும். 10 நிமிடத்திலேயே உச்சத்துக்குப் போகலாம், அந்த உச்சமும் பழையதைவிட உயரம். "நன்றாகச் சாப்பிட்ட" சாப்பாடும் இப்போது கையளவுதான் இருக்கும். அதனால் மற்றவர்களுக்குச் சொன்ன எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. இன்னொன்று, இந்த அறுவைக்குப் பிறகு, குறிப்பாக இரண்டாம் வருடத்திலிருந்து, குடிப்பழக்கம் முற்றுகிறவர்கள் கூடுகிறார்கள் என்பது நன்றாகப் பதிவான விஷயம். அடுத்த முறை அறுவை செய்த டாக்டரைப் பார்க்கும்போது அந்த ஒயினைப் பற்றியும் வாய்விட்டுச் சொல்லுங்கள், தயவுசெய்து.

அன்பு: அப்போ வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் கவலை இல்லை, சரிதானே?

இல்லை தம்பி. நான் இன்று வந்ததே இதைச் சொல்லத்தான். சாப்பாடு ஆல்கஹாலை உறிஞ்சி வைத்துக்கொள்ளாது, தாமதப்படுத்தும்.

ஒரு இரவு 20-களில் இருந்த ஒரு பையனைக் கூட்டி வந்தார்கள். விருந்தில் நிறையச் சாப்பிட்டுவிட்டு, "ஒன்றும் ஏறவே இல்லையே" என்று வரிசையாக அடித்திருக்கிறான். வரும்போது பேசினான், பெயர் சொன்னான். முதல் ரத்த மாதிரி பெரிதாகப் பயமுறுத்தவில்லை. போதை தெளியட்டும் என்று ஓரமாகப் படுக்கவைத்தார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்த இரண்டாவது மாதிரி முதலாவதைவிட வெகுவாக மேலே இருந்தது. இடையில் அவன் ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை. இரைப்பையில் மிச்சமிருந்தது இறங்கிக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில் அவனைத் தட்டினால் முனகுவான், அவ்வளவுதான். மல்லாக்கப் படுத்திருந்தவன் வாந்தி எடுத்ததை ஒரு நர்ஸ் பார்த்து உடனே பக்கவாட்டில் திருப்பினார். வயிறு நிறைய இருந்ததால் அந்த வாந்தியும் அதிகம். மூச்சுக்குழாயில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன்.

அதனால் நிறையச் சாப்பிட்டு நிறையக் குடித்தவர் தூங்கிவிட்டால் "தூங்கட்டும்" என்று விட்டுவிடாதீர்கள். பக்கவாட்டில் படுக்கவையுங்கள், அடிக்கடி எழுப்பிப் பாருங்கள். எழுப்பினால் எழவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது, உடம்பு சில்லிட்டிருக்கிறது என்றால் காத்திருக்காமல் ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள்.

மீனா: அப்பா இன்சுலின் போடுகிறார். சாயங்காலம் சாப்பிடாமலேயே கொஞ்சம் குடிப்பார். போதையை விட வேறு பயம் இருக்கிறதா அக்கா?

இருக்கிறது மீனா, இது பெரிய பயம். சாப்பிடாத நேரத்தில் ரத்தச் சர்க்கரையைத் தாங்கிப் பிடிப்பது கல்லீரல். ஆல்கஹாலை எரிக்கும்போது அது புதிதாகச் சர்க்கரை தயாரிக்கும் வேலையை வெகுவாகக் குறைத்துவிடும். சேமிப்பில் இருந்ததும் பட்டினியில் கரைந்திருந்தால், இன்சுலின் தன் பாட்டுக்குச் சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும். நடு இரவிலோ மறுநாள் காலையிலோகூட இது வரலாம். வியர்வை, குழறல், தடுமாற்றம், குழப்பம் எல்லாம் குடித்தவர் போலவே இருப்பதால் வீட்டில் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஊகிக்க வேண்டாம், குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, அவர் விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள், அப்புறம் சாப்பாடு, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. நினைவு மங்கியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸ்தான். கல்லீரலின் சேமிப்பிலிருந்து சர்க்கரையை வெளியே எடுக்கும் குளுக்ககான் ஊசி வீட்டில் இருந்தால் போடலாம், ஆனால் அந்தச் சேமிப்பு காலியாக இருக்கும்போது அது சரியாக வேலை செய்யாது. அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

கதிர்: மறுபடி நான்தான். அன்று சுவரைப் பிடித்ததும் பயந்துபோய் வயிறு முட்டச் சாப்பிட்டேன். அரை மணியில் தெளிந்த மாதிரி இருந்தது, பைக்கை எடுத்துவிட்டேன். அது சாப்பாட்டால்தானே?

சாப்பிட்டது நல்லதுதான், இரைப்பையில் மிச்சம் ஏதாவது இருந்தால் அதற்கு வாசல் இறுகியிருக்கும். ஆனால் வெறும் வயிற்றில் மளமளவென்று குடித்த 90 மில்லியில் பெரும்பகுதி நீங்கள் சுவரைப் பிடிக்கும்போதே ரத்தத்தில் இருந்தது. அதை எந்தச் சாப்பாடும் திரும்ப இழுக்காது. ஏற்றம் நின்றதால் தெளிந்த மாதிரி தோன்றியிருக்கிறது. கல்லீரல் பெரும்பாலானவர்களுக்கு மணிக்கு 15 மில்லிகிராம் அளவில்தான் இறக்கும். வயிற்றில் சாப்பாடு இருந்தால் சற்றுக் கூடலாம், அதற்கு மேல் அவசரப்படுத்த முடியாது. 50-லிருந்து 15, 15-ஆகக் கழித்துப் பாருங்கள். பைக்கைத் தொடும்போது உங்கள் ரத்தத்தில் குறைந்தது 40 இருந்திருக்கும். பூஜ்யத்துக்கு வர அதிலிருந்து இன்னும் இரண்டரை, மூன்று மணி நேரம்.

எந்த நேரத்தில் குடிக்க ஆரம்பித்தீர்கள், எப்போது முடித்தீர்கள் என்று எழுதுங்கள் தம்பி, சரியாகக் கணக்குப் போட்டுத் தருகிறேன்.