மீதி சரியாக வந்தால் ஈவும் சரியா?

"மகள் ஒன்பதாவது படிக்கிறாள். நீள் வகுத்தல், மீதித் தேற்றம் கணக்குகளைக் கையால் எழுதி முடித்து வைத்திருக்கிறாள். எல்லாவற்றையும் நானே திரும்பப் போடாமல் விடை சரியா என்று பார்க்க வழி உண்டா?"

உண்டு. ஆனால் மீதித் தேற்றத்தை மட்டும் நம்பி டிக் போட்டுவிடாதீர்கள். நான் அப்படிப் போட்ட ஒரு டிக் இன்னும் மனதில் உறுத்துகிறது.

பல வருடமாக வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். ஒரு பெண் கொண்டுவந்த தாளில் இருந்த கணக்கு இது: 4x³ − 6x² + 7 என்பதை 2x − 1 ஆல் வகு. அவள் தொகுமுறை வகுத்தலில் போட்டிருந்தாள். ஈவு 4x² − 4x − 2, மீதி 6. நான் 2x − 1 = 0 என்று வைத்து, x = 1/2 என எடுத்துக்கொண்டு, அந்த மதிப்பைக் கோவையில் போட்டுப் பார்த்தேன். 0.5 − 1.5 + 7 = 6. மீதி பொருந்தியது, டிக் போட்டுவிட்டேன்.

ஈவு தப்பு. 1/2 ஐ வைத்துத் தொகுமுறையில் வகுத்தால் அது x − 1/2 ஆல் வகுத்ததாகத்தான் ஆகும். 2x − 1 அதைப் போல இரண்டு மடங்கு. அதனால் வந்த ஈவை 2 ஆல் வகுக்க வேண்டும். சரியான ஈவு 2x² − 2x − 1. மீதி மட்டும் மாறாது. காலாண்டுத் தேர்வில் இதே மாதிரி கணக்கு வந்தது, அவள் அதே தப்பைச் செய்தாள். "மிஸ், நீங்கதானே டிக் போட்டீங்க?" என்று தாளை நீட்டினாள். என்னிடம் பதில் இல்லை.

காரணம் எளிது. x = 1/2 என்றதும் வகுத்தி பூஜ்யமாகிவிடுகிறது. அதோடு பெருக்கப்படும் ஈவும் மறைந்துவிடும். அங்கே எந்த ஈவை எழுதினாலும் தப்பு பிடிபடாது. ஈவைப் பார்க்க வகுத்தி பூஜ்யமாகாத ஒரு எண் வேண்டும். நான் 2 எடுப்பேன். வகுத்தியை ஈவால் பெருக்கி மீதியைக் கூட்டினால் கோவையின் மதிப்பு வர வேண்டும். கோவையின் மதிப்பு 32 − 24 + 7 = 15. வகுத்தி 3. அவள் எழுதிய ஈவு 16 − 8 − 2 = 6. மூவாறு பதினெட்டு, மீதி 6 சேர்த்தால் 24. பதினைந்து வரவில்லை. சரியான ஈவில் 8 − 4 − 1 = 3, மும்மூன்று ஒன்பது, ஆறு சேர்த்தால் 15.

"x = 1 போட்டால் போதுமே, கெழுக்களைக் கூட்டினால் முடிந்தது" என்று சிலர் சொல்வார்கள். எளிதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஈவை 2x² − x − 2 என்று இரண்டு கெழுவை இடம் மாற்றி எழுதியிருந்தால், 1 போடும்போது அதுவும் −1 தான், சரியான ஈவும் −1 தான். 2 போட்டால் 4, 3 என்று தனித்தனியாகத் தெரியும். இரண்டு தப்பு ஒன்றையொன்று சரிக்கட்டிவிட்டால் 2 கூட ஏமாற்றலாம். சந்தேகம் இருந்தால் −1 ஐயும் போட்டுப் பாருங்கள்.

நீள் வகுத்தலில் வேறு ஒரு இடம் சறுக்கும். இந்தக் கோவையில் x உறுப்பு இல்லை. 6x² க்கும் 7 க்கும் நடுவில் + 0x எழுதி இடம் விடாவிட்டால், இரண்டாவது கழித்தலில் 2x க்கு நேர் மேலே 7 வந்து உட்காரும். பிள்ளை 7 − 2 = 5 என்று எழுதி, ஈவு 2x² − 2x, மீதி 5 என்று முடித்துவிடும். இதற்கு மீதித் தேற்றமே போதும். x = 1/2 போட்டால் 6 வரும் என்று முன்பே பார்த்தோம். அவள் எழுதிய மீதி அதோடு பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள்.

இதில் பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பத்து வரி பிடிக்கும் கணக்குக்கு மூன்று வரி இடம் விட்ட தாளைக் கொடுக்கிறார்கள். அதுவும் ஜெராக்ஸின் ஜெராக்ஸ், அடுக்குக்குறி தேய்ந்து 2 ஆ 3 ஆ என்றே தெரியாது. இதையெல்லாம் கண்ணைக் கசக்கிப் பார்த்துத் திருத்துகிறோம், மாதம் நூறு ரூபாய் கூட்டிக் கேட்டால் "வீட்டில்தானே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறீர்கள்" என்கிறார்கள். சரி, அது வேறு கதை.

பிரதியிடும்போது கோவையை அச்சடித்த கேள்வியிலிருந்து எடுங்கள், அவள் எழுதிய முதல் வரியிலிருந்து எடுக்காதீர்கள். அங்கேயே −6 ஐ +6 என்று எழுதியிருந்தால், மற்றதெல்லாம் அழகாகப் பொருந்திவிடும். அப்புறம், வகுத்தி x − 2 ஆக இருந்தால் 2 ஐப் போடாதீர்கள், அங்கே அதுதான் பூஜ்யமாக்கும் எண். 3 எடுத்துக்கொள்ளுங்கள்.