வேலூர் பிரமிடில் ஆண்கள் குறைவது ஏன்?

“ஆம்பூரில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். 2011 கணக்கெடுப்பை வைத்து மாணவர்களோடு வேலூர் மாவட்டத்துக்கு மக்கள்தொகை பிரமிடு வரைந்தோம்: ஒவ்வொரு வயதுப் பிரிவுக்கும் ஒரு பட்டை, ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள், அடியில் குழந்தைகள், உச்சியில் முதியவர்கள். அடிப்பட்டை குறுகியிருக்கிறது. இருபதுகளின் பிற்பகுதியில் ஆண் பக்கம் உள்ளே போயிருக்கிறது. மேலே எதிர்பார்த்ததைவிடத் தடிமனாக இருக்கிறது. இதில் எது பிறப்பு குறைந்ததால், எது ஊரைவிட்டுப் போனதால், எது முதுமையால் என்று எப்படிப் பிரித்துச் சொல்வது?”

நடுவில் உள்ள பள்ளத்திலிருந்து தொடங்குங்கள். மற்ற இரண்டுக்கும் சாவி அங்கேதான் இருக்கிறது.

2011-ல் வேலூர் மாவட்டத்தில் மொத்தமாக 1000 ஆண்களுக்கு 1007 பெண்கள். ஆனால் 0–6 வயதில் 1000 ஆண் குழந்தைகளுக்கு 944 பெண் குழந்தைகள்தான். இயல்பான பிறப்பிலேயே பெண் குழந்தைகள் 950 அளவில்தான் இருப்பார்கள்; 944 அதற்கும் சற்றுக் குறைவு. அடியில் குறைவாக இருக்கும் பெண்கள் மொத்தத்தில் அதிகமாவது எப்படி? ஒன்று, பெண்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள். அது உச்சிப் பட்டைகளில் தெரியும். மற்றொன்று, வேலைக்குப் போகும் வயதில் ஆண்கள் ஊரில் இல்லை.

இரண்டாவதை உறுதிசெய்ய ஒரு பிரமிடு போதாது, அது ஒரே நாளில் எடுத்த போட்டோ. 2001 கணக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது 10–14 வயதில் இருந்த பையன்கள்தான் 2011-ல் 20–24 வயதினர். ஐந்தாண்டு வயதுப் பிரிவுகள் கணக்கெடுப்பின் C-14 அட்டவணையில் கிடைக்கும்.

கணக்கு புரிவதற்காக ஒரு கற்பனை எண் வைத்துப் பார்ப்போம். 2001-ல் 1,00,000 பையன்கள், 2011-ல் அதே கூட்டம் 92,000; வகுத்தால் நூற்றுக்கு 92. எட்டாயிரம் பேரும் வெளியூர் போய்விட்டார்கள் என்று உடனே எழுதிவிடக் கூடாது, சிலர் இறந்திருப்பார்கள். அதனால் தமிழ்நாடு முழுவதற்கும் இதே வகுத்தலைச் செய்யுங்கள். மாநிலத்தில் நூற்றுக்கு 97 பேர் மிஞ்சினார்கள் என்றால், வேலூரிலும் 97,000 பேர் இருந்திருக்க வேண்டும். குறைகிற 5,000 பேர்தான் வெளியேற்றம்.

இது நிகரக் கணக்கு, போனவர்களிலிருந்து வந்தவர்களைக் கழித்தது. விஐடி, சிஎம்சி விடுதிகளில் தங்கியிருக்கும் வெளியூர்ப் பிள்ளைகள் வேலூர் கணக்கில்தான் சேர்வார்கள். அதனால் 20–24 பட்டை நிறைவாகத் தெரிந்தாலும் உள்ளூர்ப் பையன்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. 25–29, 30–34 பட்டைகளுக்கும் இதைச் செய்துபார்த்தால்தான் நம்பலாம். வளைகுடா நாடுகளில் இருப்பவர்கள் எந்த மாவட்டக் கணக்கிலும் வரமாட்டார்கள். மாநிலத்தோடு ஒப்பிடுவதால், மாநிலத்தைவிட வேலூர் கூடுதலாக இழந்ததை மட்டுமே இந்த வழி காட்டும். பெண்களுக்குத் தனியாகச் செய்யுங்கள். அவர்களின் நகர்வில் திருமணம் பெரும்பங்கு, அதை வேலை தேடிப் போனதோடு கலக்கக் கூடாது.

சரி, அடிப்பட்டைக்கு வருவோம். குழந்தைகள் குறைய இரண்டு வழி உண்டு: தாயாகும் வயதுப் பெண்கள் குறைந்திருக்கலாம், அல்லது ஒவ்வொருவரும் பெறும் பிள்ளைகள் குறைந்திருக்கலாம். உங்கள் படத்தில் 20–34 பெண் பட்டைகளைப் பாருங்கள். அவை அகலமாக இருந்தும் அடி குறுகினால், பிள்ளைப்பேறே குறைந்திருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். 0–4 குழந்தைகளை 15–49 பெண்களால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கி, 2001-ஐயும் 2011-ஐயும் ஒப்பிட்டால் எண்ணாகவே கிடைக்கும். கைக்குழந்தைகள் கணக்கில் விடுபடுவது வழக்கம் என்பதால், 0–4 பட்டையை மட்டும் நம்பாமல் 5–9-ம் 10–14-ஐவிடக் குறைவா என்று பாருங்கள். அதுவும் குறைந்திருந்தால் சந்தேகம் வேண்டாம்.

உச்சியில்தான் பலர் ஏமாறுவார்கள். பிறந்த தேதி தெரியாத பெரியவர்கள் “அறுபது இருக்கும்” என்பார்கள். 58-ம் 62-ம் 60-க்குள் போய்விடும். C-13 அட்டவணையில் வயது ஒவ்வொன்றாக இருக்கும். 60 அதன் பக்கத்து வயதுகளைவிட எகிறி நின்றால், 60–64 பட்டையின் தடிமனில் ஒரு பகுதி வாய்வார்த்தையால் வந்தது. அப்போது 55–64 என்று சேர்த்துப் பார்ப்பது நல்லது.

அப்புறம், முதியோர் விகிதம் உயர முதியோர் பெருக வேண்டியதில்லை. 1000 பேரில் 100 முதியவர்கள் இருக்கும் ஊரிலிருந்து 100 இளைஞர்கள் போனால், 10 சதவீதம் 11 சதவீதத்துக்கு மேல் போய்விடும். ஒரு முதியவர்கூடக் கூடவில்லை. அதனால் சதவீதத்தோடு ஆள் எண்ணிக்கையையும் மாணவர்கள் எழுதட்டும். வேலூரில் அந்த வேறுபாட்டை அவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். மருத்துவ வசதி தேவைப்படும் பெரியவர்கள் எத்தனை பேர் என்பதை எண்ணிக்கை சொல்லும், பக்கத்தில் பிள்ளைகள் இருக்கிறார்களா என்பதை அந்த நடுப்பள்ளம் சொல்லும்.

படத்தின் தலைப்பில் “பழைய வேலூர் மாவட்டம்” என்று போடுங்கள். 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. உங்கள் ஆம்பூரே இன்று திருப்பத்தூரில் இருக்கிறது. 2011-ன் 39 லட்சம் பேர் மூன்றுக்கும் சேர்த்துத்தான்.